ஓணத்துக்கு எத்தனை வீடு முடியும்? விழிஞ்ஞத்து வெள்ளையடிப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

விழிஞ்ஞம், முக்கோலை, முல்லூர், வெங்ஙானூர், கோட்டப்புறம் பக்கங்களில் பண்டிகைக்கு வீடு துப்புரவு செய்து வெள்ளையடித்துத் தரும் குழுக்களுக்கும், களியக்காவிளை தாண்டி வந்து இங்கே வேலை பார்க்கும் குமரி மாவட்டத்து அண்ணன்மாருக்கும், துப்புரவு வேலைக்குப் போகும் அக்காமாருக்கும்,



கர்க்கடக மாதம் பாதி போவதற்குள் அறிவிப்புகள் கிளம்பிவிடும். கடைச் சுவரில் ஒட்டிய தாளாகவோ கைப்பேசியில் வரும் செய்தியாகவோ அவை வரும். வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓணத்துக்கு வீடு கழுவ, வெள்ளையடிக்க முன்பதிவு நடக்கிறது, சில இடங்களே மீதி, முந்துங்கள். வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு எண்கள் மட்டும் அதில் இருப்பதில்லை. இந்தக் குழுவால் ஓணத்துக்குள் எத்தனை வீடு முடிக்க முடியும்? அதில் எத்தனை ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது? இந்த மடல் அந்த இரண்டு எண்களைப் பற்றியது.

எண் தெரியாமல் அட்வான்ஸ் வாங்கினால் என்ன ஆகும் என்பது வேலை பார்ப்பவர்களுக்கே நன்றாகத் தெரியும். முதல் வாரத்தில் ஒரு வீட்டில் மழையால் ஒரு நாள் தள்ளிப்போகும். அந்த ஒரு நாள் அடுத்த வீட்டைத் தள்ளும், அது அதற்கடுத்த வீட்டை. கடைசியில் உத்திராடத்தன்று, ஊரே சந்தைக்கு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், யாரோ ஒருவர் வீட்டில் சாமான்கள் முற்றத்திலும் சுண்ணாம்புத் துளி தரையிலுமாகக் கிடக்கும். அந்த வீட்டுக்காரர் முதல் வாரமே பணம் கொடுத்தவராக இருப்பார். வேலையாட்களும் அன்றிரவு வீடு போய்ச் சேரமாட்டார்கள். குமரி மாவட்டத்திலும் ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. குழுவில் பாதிப் பேருக்கு அது சொந்தப் பண்டிகை.

இதற்கெல்லாம் காரணம் சோம்பலோ ஏமாற்றோ இல்லை. கணக்கு தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது, அவ்வளவுதான். நாலு பேர் இருக்கிறோம், ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் போதும் என்று கைகளை எண்ணிக் கணக்குப் போடுகிறார்கள். வெள்ளையடிப்பில் நாளைத் தீர்மானிப்பது சுவர்.

சுண்ணாம்பிலிருந்தே பார்க்கலாம். சுட்ட சுண்ணாம்பை வேலை நடக்கும் இடத்திலேயே நீற்ற வேண்டும். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் தண்ணீர் என்பது மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலை விவரக் குறிப்பு சொல்லும் அளவு. கலக்கி 24 மணி நேரம் ஊற விட்டு, பிறகு முரட்டுத் துணியில் வடிகட்ட வேண்டும். வடித்த பாலில் பத்து லிட்டருக்கு 40 கிராம் என்ற அளவில் கோந்தை வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். வெண்மை எடுப்பாகத் தெரிய, கிலோ சுண்ணாம்புக்கு மூன்று கிராம் வரை நீலம். ஆக, முதல் மட்டை சுவரில் படுவதற்கு ஒரு முழு நாள் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. காலையில் வந்து காலையிலேயே கரைத்து மதியமே அடித்துவிட்டால் நீறாத கட்டிகள் சுவரில் நின்று, பின்னர் வெடித்துப் பொரிப்பொரியாக உதிரும். நீற்றும்போது தண்ணீர் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்பதையும் முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பூச்சு. பழைய சுண்ணாம்புச் சுவருக்கு ஒன்று அல்லது இரண்டு கை, புதுச் சாந்துக்கு மூன்று கை. ஒரு கை நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. ஈரத்தின் மேல் இரண்டாவது கை அடித்தால் மட்டை அடியிலிருக்கும் பூச்சையும் இழுத்துக்கொண்டு வரும். சுவர் முழுக்கக் கோடு விழும். வெயில் நாளில் காலை ஒரு கை, சாயங்காலம் ஒரு கை என்று முடித்துவிடலாம். கர்க்கடகத்துக் காற்றில் அது நடக்காது. சாரல் உள்ளே அடிப்பதால் சன்னலைத் திறக்க முடியாது, அடைத்த அறையில் ஈரம் போக வழி கிடையாது. வீட்டின் உட்புற வேலைதானே, மழைக்கும் இதற்கும் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

விழிஞ்ஞத்துக்கென்று இன்னொரு சங்கதி இருக்கிறது: உப்பு. கோட்டப்புறம் போலக் கடலைப் பார்த்து நிற்கும் வீடுகளில் சுவரின் கீழ்ப்பாதியில் ஓதம் ஏறி, காய்ந்ததும் வெள்ளைப் பஞ்சு மாதிரி உப்புப் பூக்கும். பார்வைக்கு அது உதிர்ந்த சுண்ணாம்பு போலவே இருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்பு கரைந்து மறையும், சுண்ணாம்புத் தூள் கரையாது. உப்புப் பூத்த சுவரைக் கழுவக் கூடாது. கழுவினால் கரைந்த உப்பு மறுபடி சுவருக்குள் இறங்கி, அடுத்து காயும்போது புதுப் பூச்சையே தள்ளிக்கொண்டு வெளியே வரும். காய்ந்த துடைப்பத்தாலோ கம்பிப் பிரஷ்ஷாலோ தட்டி, விழுந்ததைக் கூட்டி அள்ளி வீட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். சில நாள் விட்டுப் பார்த்தால் மறுபடி பூக்கும், மறுபடி தட்ட வேண்டும். இந்த வீட்டை மூன்று நாள் வேலை என்று எழுதி வாங்குவது வீட்டுக்காரருக்கும் நல்லதில்லை, குழுவுக்கும் நல்லதில்லை. ஓணத்துக்கு முன்னால் தட்டிச் சுத்தம் செய்து தருகிறோம், வெள்ளையடிப்பு மழைக்காலம் கழிந்து என்று சொல்வதுதான் அந்தச் சுவருக்குச் சரியான பதில்.

சுவரில் ஈரம் உண்டா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. முழங்கை நீளச் சதுரமாகப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெட்டி, சுவரில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டிவிட வேண்டும். சாயங்காலம் ஒட்டினால் மறுநாள் நண்பகலில் பிரிக்கலாம். உள்பக்கம் நீர்த்துளி நின்றாலோ தாள் இருந்த இடம் கறுத்துத் தெரிந்தாலோ சுவர் இன்னும் குடித்த தண்ணீரை விடவில்லை என்று பொருள். பழைய பூச்சு எது என்று பார்ப்பது இன்னும் எளிது. கையில் தண்ணீர் எடுத்துத் தெளித்தால் சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். முத்து முத்தாக வழிந்து ஓடினால் அது எமல்ஷன் போல நீர் உறிஞ்சாத பூச்சு அடித்த சுவர்; அதன் மேல் சுண்ணாம்பு நிற்காது, ஏடு ஏடாகக் கழன்று வரும். இந்த இரண்டு சோதனையும் முன்பதிவுக்கு முன்னால் நடக்க வேண்டியவை. வீட்டைப் போய்ப் பார்க்காமல் தேதி கொடுக்கும் குழு, தன்னிடம் இல்லாத ஒன்றைக் கொடுக்கிறது.

நாள்காட்டிக்கு வரலாம். ஓணம் ஒரே தேதியில் நிற்பதில்லை. திருவோணம் 2024இல் செப்டம்பர் 15ஆம் தேதி வந்தது, 2025இல் செப்டம்பர் 5. 2026இல் ஆகஸ்ட் 26ஆம் தேதி, புதன்கிழமை. இரண்டே ஆண்டில் இருபது நாள் முன்னால் வந்து தென்மேற்குப் பருவமழைக்குள் இன்னும் ஆழமாகப் போய்விட்டது. போன வருடம் ஆறு வீடு முடித்தோம், இந்த வருடமும் ஆறு எடுக்கலாம் என்ற கணக்கு அதனால்தான் உதவாது. ஆகஸ்ட் மழை எந்த அளவுக்குப் போகும் என்பதைக் கேரளம் 2018இல் பார்த்தது. ஆகஸ்ட் நடுவில் பெருவெள்ளம், திருவோணம் 25ஆம் தேதி. அரசு தன் ஓணக் கொண்டாட்டத்தையே கைவிட்டது. அந்த ஓணத்தில் மாநிலத்தின் பல பகுதிகளில் நடந்தது சேறு அள்ளி வீடு கழுவும் வேலைதான். எல்லா வருடமும் அப்படி ஆகாது. ஆனால் மழைக்கென்று ஒரு நாளும் ஒதுக்காமல் போடும் அட்டவணை எந்த வருடமும் நிற்காது.

இனி ஒரு குழுவை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலு பேர்: இருவர் வெள்ளையடிப்பு, இருவர் துப்புரவு. மாடி இல்லாத ஒரு சிறிய வீடு, பழைய சுண்ணாம்புச் சுவர், உப்பு இல்லை. முதல் நாள் சாமான் ஒதுக்கி, மூடி, ஒட்டடை அடித்து, சுரண்டி, ஓட்டை அடைப்பது. அன்றே ஒரு பக்கம் சுண்ணாம்பு ஊறும். இரண்டாம் நாள் முதல் கை, மூன்றாம் நாள் இரண்டாம் கை. நாலாவதாக ஒரு நாள் மழைக்கு. அது கழிந்த அடுத்த வேலைநாளில் துப்புரவு இருவரும் உள்ளே போகிறார்கள். இந்த வரிசை மாறவே கூடாது. வெள்ளையடிப்புக்கு முன் கழுவிய தரையை மறுபடி கழுவத்தான் வேண்டும், அந்த இரண்டாவது கழுவலுக்கு யாரும் நாள் ஒதுக்கியிருப்பதில்லை.

2026 ஆகஸ்ட் 3ஆம் தேதி, திங்கட்கிழமை தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். உத்திராடம் 25, அன்று வேலை வைக்கக் கூடாது. ஞாயிறுகள் போக, 12ஆம் தேதி கர்க்கடக வாவு, 15 சுதந்திர தினம். கடைசி வீட்டில் வெள்ளையடிப்பு 22ஆம் தேதி சனிக்கிழமைக்குள் முடிந்தால்தான் 24ஆம் தேதி திங்களன்று துப்புரவு செய்ய முடியும். எண்ணிப் பார்த்தால் வெள்ளையடிப்புக்கு 16 வேலைநாள் கிடைக்கிறது. வீட்டுக்கு நாலு நாள் என்றால் நாலே வீடு. 3 முதல் 6 வரை ஒன்று. 7, 8, 10, 11 ஒன்று. 13, 14, 17, 18 ஒன்று. 19 முதல் 22 வரை ஒன்று.

ஐந்தாவது வீடு? வீட்டுக்கு மூன்று நாள் வீதம் ஐந்து வீட்டுக்குப் பதினைந்து நாள் போகும். மொத்தம் 16 நாளில் மழை ஒரே ஒரு நாளை மட்டும் தின்றால் ஐந்தாவது வீடு முடியும், இரண்டு நாளைத் தின்றால் முடியாது. இதுதான் அந்த வீட்டின் உண்மை நிலை. அதைக் காத்திருப்பு என்று எழுதலாம், உறுதி என்று எழுதக் கூடாது.

துப்புரவு இருவரின் கணக்கு முற்றிலும் வேறு. தரை, கதவு, சன்னல், மின்விசிறி, அடுக்களைப் பலகை இதெல்லாம் மழையிலும் நடக்கும். அவர்களுக்கு 24ஆம் தேதியும் சேர்த்து 17 நாள். வெள்ளையடித்த நாலு வீட்டுக்கு 7, 13, 19, 24 ஆகிய நாலு தேதி போய்விடும். மீதி 13 நாளில் வெறும் துப்புரவு மட்டும் கேட்பவர்களை எடுக்கலாம். ஆனால் மூன்றாம் தேதி துடைத்த வீடு இருபத்தாறாம் தேதி வரை அப்படியே இருக்காது என்பதால் எல்லாரும் கேட்பது கடைசி வாரத்தை. அந்த வாரத்தில் காலியாக இருப்பவை 17, 18, 20, 21, 22 என ஐந்து நாள். ஐந்தாவது வீடு ஒருவேளை கூடிவந்தால் நாலாவது வீட்டின் துப்புரவை முன்னதாக முடிக்க 20ஆம் தேதி தேவைப்படும். அதைக் கையில் வைத்துக்கொண்டால் நிச்சயமாகச் சொல்லக்கூடியது நாலு.

ஒரே குழுவுக்கு இப்போது மூன்று எண்கள் வந்துவிட்டன. உறுதியான வெள்ளையடிப்பு நாலு, காத்திருப்பு ஒன்று, கடைசி வாரத் துப்புரவு நாலு. இவற்றை ஒன்றாகக் கலந்து பத்துப் பதினைந்து ஸ்லாட் இருக்கிறது என்று எழுதினாலும் பொய், சில இடங்களே மீதி என்று எழுதினாலும் பயன் இல்லை. பிரித்து எழுதினால் வாசகம் இப்படி வரும்:

“ஓணத்துக்கு வெள்ளையடிப்பு, துப்புரவு முன்பதிவு. ஆகஸ்ட் 1, மாலை 6 மணி நிலவரம். வெள்ளையடிப்பு (துப்புரவும் சேர்த்து): மொத்தம் 4 வீடு, 2 பேசி முடிந்தது, 2 காலி, காலியாக உள்ளவை 13ஆம் தேதியும் 19ஆம் தேதியும், மழை கெடுக்காவிட்டால் அதற்கு முன்பே, தொடங்குபவை. காத்திருப்பு: 1 வீடு, மழை இரண்டு நாள் கெடுத்தால் இது நடக்காது, 18ஆம் தேதி மாலை ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடுவோம், அதுவரை அட்வான்ஸ் வாங்கமாட்டோம். துப்புரவு மட்டும்: 17, 18, 21, 22 தேதிகளில் தலா ஒரு வீடு, அதற்கு முந்தைய நாட்களுக்குக் கேட்டுக்கொள்ளவும். வீட்டை வந்து பார்த்த பிறகே தேதி. உப்புப் பூத்த சுவருக்கும் எமல்ஷன் அடித்த சுவருக்கும் ஓணத்துக்கு முன் சுண்ணாம்பு அடிப்பதில்லை.”

இதில் மிக முக்கியமான வரி நிலவரம் எடுத்த நாளும் நேரமும். கைப்பேசிச் செய்தி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றாம் தேதி இரண்டு காலி என்று எழுதியது பத்தாம் தேதி யாருக்கோ போய்ச் சேரும். நாள் போட்டிருந்தால் அவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். நாள் இல்லாவிட்டால் அந்த அறிவிப்பு எழுதியவர் அறியாமலே பொய்யாகிவிடும். ஒரு வீடு பேசி முடிந்த அன்றே எண்ணை மாற்றி மறுபடி அனுப்புவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. எல்லாம் நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பையும் அதே ஒழுங்கோடு அனுப்ப வேண்டும். அது கிடைத்தவர் வேறு குழுவைத் தேட நேரம் இருக்கும்.

இடம் இருக்கும்போதே இல்லை என்று பயம் காட்டுவதும் சட்டத்தின் பார்வைக்கு வந்துவிட்டது. இணைய வழி ஏமாற்று வடிவங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ஆம் தேதி கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள் பதின்மூன்று வடிவங்களைப் பட்டியலிடுகின்றன. முதலாவது பொய்யான அவசரம்: தட்டுப்பாடு இல்லாதபோது இருப்பதாகக் காட்டி, வாங்குபவரை உடனே முடிவெடுக்க வைப்பது. சுண்ணாம்பு வாளியோடு தெருவில் போகும் நாலு பேருக்காக அது எழுதப்படவில்லை. பெரிய இணையதளங்களையும் விளம்பரதாரர்களையும் விற்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. ஆனாலும் ஒன்று விழிஞ்ஞத்துக்கும் நேராகப் பொருந்தும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தெரிந்தே முக்கியமான தகவலை வாங்குபவரிடம் சொல்லாமல் மறைப்பதையும் சேவைக் குறைபாடாகக் கருதுகிறது. நாலு வீட்டுக்குத்தான் நாள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே ஏழு வீட்டில் அட்வான்ஸ் வாங்குவது அதற்குள் வரக்கூடியது. வீட்டுக்காரர்களுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

குழுக்களின் பக்கத்து வருத்தமும் நியாயமானது. நாலு வீடுதான் என்று எழுதினால் சிறிய குழு என்று நினைத்துப் போய்விடுவார்கள். பக்கத்துக் குழு எண்ணே போடாமல் எல்லாரையும் அள்ளிக்கொள்ளும். அப்படிச் சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் இந்த ஊரில் வேலை அடுத்த வீட்டுத் திண்ணையிலிருந்துதான் வருகிறது. சொன்ன தேதியில் முடித்த வீட்டைப் பார்த்து இன்னொருவர் கூப்பிடுவார், அதுவும் ஓணத்துக்கு மட்டும் இல்லை. மீனவக் கத்தோலிக்கரும் இசுலாமியரும் நிறைந்த ஊர் விழிஞ்ஞம். கிறிஸ்துமஸ் வரும்போது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும். ரம்ஜான் ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். ஒவ்வொன்றுக்கும் மழைநாளை மறுபடி எண்ணித்தான் ஸ்லாட் சொல்ல வேண்டும்.

அட்வான்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை எழுத்தில் இருக்கட்டும். மழையால் தேதி தள்ளினால் வீட்டுக்காரர் விரும்பினால் பணம் முழுதும் திரும்ப வரும், சுண்ணாம்பு வாங்கி ஊறப்போட்ட பிறகு வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் சுண்ணாம்பு விலை மட்டும் கழியும். இரண்டு பக்கத்துக்கும் இது நேர்மையான பங்கு. காத்திருப்பில் இருக்கும் ஐந்தாவது வீட்டுக்கு மட்டும் 18ஆம் தேதி மாலை எப்படியும் ஒரு அழைப்பு போக வேண்டும், பதில் இல்லை என்றாலும்கூட. அன்று தெரிந்தால் அவர்கள் திருவோணத்துக்குள் சுவரை ஒட்டடை அடித்துத் துடைத்துக்கொள்ள ஒரு வாரம் இருக்கிறது.